அட்டையை ஒப்படைத்த பிறகு

வில்லியனூரில் எங்கள் வங்கி மேலாளர் நல்ல மனிதர்தான். ஆனால் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அவருக்குத் தூக்கம் வராது. ஆழ்குழாய் தோண்டி மின்மோட்டார் வைக்க நானும் அப்பாவும் சேர்ந்து கடன் கேட்டிருந்தோம். எங்கள் ஊர் உறுவையாற்றில் எங்களுக்கு இரண்டு ஏக்கருக்குச் சற்று மேல் நிலம். கிணறு கோடையில் அடிமண் காட்டிவிடும். பழைய ஆயில் எஞ்சின் ஒரு மணி நேரம் ஓடினால் தண்ணீர் தீர்ந்துபோகும். கரும்பு வைத்தவன் தண்ணீருக்கு எங்கே போவான்?

மேலாளர் விண்ணப்பத்தின் மூன்றாம் பக்கத்தில் விரலை வைத்தார்.

"வேற வங்கியில கடன் பாக்கி உண்டான்னு கேட்டிருக்கு. கிரெடிட் கார்டு இருந்தது, திருப்பிக் கொடுத்துட்டேன்னு எழுதியிருக்கீங்க. இதுக்குச் சான்று எங்க?"

"திருப்பிக் கொடுத்துட்டேன் சார். நாலு மாசம் ஆவுது."

"கொடுத்தீங்க. அவங்க வாங்கிட்டாங்கன்னும், பாக்கி இல்லேன்னும் அவங்க சொல்லணுமே. கூட்டுறவுச் சங்கத்துல வாங்கிட்டீங்க, இந்த ஊர்ல இருக்கற மத்த வங்கியில எல்லாம் முத்திரை வாங்கிட்டீங்க. இதையும் வாங்கிட்டு வந்துருங்க. பாக்கி இல்லேன்னு ஒரு சான்று. கணக்கை மூடியாச்சுன்னு ஒரு உறுதி. ரெண்டும் வேணும்."

பக்கத்தில் அப்பா உட்கார்ந்திருந்தார். நிலம் அவர் பேரில் இருந்ததால் கையெழுத்துப் போட வந்திருந்தார். வெளியே வந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது கேட்டார்.

"இன்னாடா அது, கார்டு?"

அவரிடம் அதுவரை நான் சொன்னதே இல்லை.

அந்த அட்டை என் கைக்கு வந்த கதை இது. உறுவையாற்றுக்குத் திரும்பி விவசாயம் பார்ப்பதற்கு முன் ஐந்து வருஷம் நான் ஒரு பம்புசெட் கம்பெனியில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று பஸ்ஸில் அலைகிற வேலை. எங்கள் சம்பளக் கணக்கு புதுச்சேரியில் இருந்த ஒரு வங்கிக் கிளையில் இருந்தது. அப்போதுதான் அந்த வங்கி கிரெடிட் கார்டு என்று ஒன்றை ஆரம்பித்திருந்தது. நல்ல கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவர்களுக்குக் கூப்பிட்டுக் கொடுத்தார்கள். பிளாஸ்டிக் அட்டை, மேலே எண்ணும் பேரும் புடைத்த எழுத்தில். பெரிய ஓட்டல்களிலும் துணிக்கடைகளிலும் ஒரு சிறு இரும்புத் தட்டு வைத்திருப்பார்கள். அட்டையை அதில் வைத்து, மேலே கார்பன் தாள் வைத்த சீட்டைப் போட்டு, ஒரு கைப்பிடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இழுப்பார்கள். அட்டையின் எழுத்து சீட்டில் பதிந்துவிடும். கையெழுத்துப் போட்டால் முடிந்தது. ஒரு சீட்டு நமக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று கடைக்காரர் வங்கியில் செலுத்த. அது ஊர் சுற்றி மெட்ராஸில் இருக்கிற கார்டு மையத்துக்குப் போய், அங்கிருந்து மாதப் பில்லாக நம் வீட்டுக்கு வரும்.

புதுச்சேரி டிப்போவை மூடி என்னைச் சேலத்துக்கு மாற்றினார்கள். அப்பாவுக்கு அந்த வருஷம் குடலிறக்க அறுவை நடந்திருந்தது. அம்மா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆயிற்று. வீட்டில் என் மனைவியும் அப்பாவும் மட்டும். நான் வேலையை விட்டேன். வேலை போனபின் அட்டை எதற்கு என்று கிளைக்குப் போய்க் கடிதம் கொடுத்தேன். கவுண்டரில் இருந்தவர் கத்திரிக்கோலால் அட்டையை இரண்டாக வெட்டி என் கடிதத்தோடு குத்தி வைத்தார். கடிதத்தின் நகலில் தேதியும் முத்திரையும் போட்டுக் கொடுத்தார். பம்புசெட் விற்றவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தத் தாளைக் கொடுத்தாலும் நகலில் கையெழுத்து வாங்காமல் நகர மாட்டான். அந்த நகல்தான் பின்னால் என்னைக் காப்பாற்றியது.

இதையெல்லாம் நடந்துகொண்டே அப்பாவிடம் சொன்னேன். அவர் சைக்கிளை நிறுத்திவிட்டார்.

"பையில காசில்லாம போய்ப் பொருள் எடுத்துக்கினு வர்றது. அப்புறம் கொடுக்கறது. அது கடன் இல்லாம இன்னாடா?"

"மாசத்துக்குள்ள கட்டிட்டா வட்டி கெடையாதுப்பா."

"கட்டலேன்னா?"

 நான் அவர் கையிலிருந்து சைக்கிளை வாங்கித் தள்ள ஆரம்பித்தேன்.

அடுத்த திங்கட்கிழமை புதுச்சேரிக்கு பஸ் ஏறினேன். கிளையில் கார்டு வேலையைப் பார்த்தவர் ஒரு பெண் அதிகாரி. அந்த இடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்தார். என் முத்திரை போட்ட நகலை வாங்கிப் படித்தார். பிறகு எழுந்து போய் ஒரு இரும்பு அலமாரியைத் திறந்து வெகுநேரம் தேடினார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பழுப்பு உறை இருந்தது. மேலே மெட்ராஸ் விலாசம் தட்டச்சு செய்திருந்தது. உள்ளே என் கடிதமும், இரண்டு துண்டுகளாய் என் அட்டையும்.

"சார், இது போகவேயில்லை" என்றார். மறைக்காமல் சொன்னார். "எனக்கு முன்னாடி இருந்தவர் உறையில போட்டு வெச்சிருக்கார். ஸ்டாம்பு ஒட்டலை. மெட்ராஸ்ல உங்க கணக்கு இன்னும் உயிரோடதான் இருக்கு."

"இப்ப இன்னா பண்றது மேடம்?"

"நீங்க புதுசா ஒரு கடிதம் எழுதுங்க. கார்டு எண், நீங்க ஒப்படைச்ச தேதி, அதுக்கு ஆதாரமா இந்த நகலோட ஜெராக்ஸ். பாக்கி இல்லாச் சான்று வேணும்னு கேளுங்க. கணக்கை மூடினதா உறுதிக் கடிதம் வேணும்னும் தனியா கேளுங்க. ரெண்டும் ஒண்ணு இல்லை. பாக்கி இல்லேன்னு இன்னிக்குச் சொல்லிட்டு, கணக்கைத் திறந்தே வெச்சிருந்தா நாளைக்கு அதுல ஏதாவது ஏறும். மூடின தேதியா நீங்க ஒப்படைச்ச தேதியைப் போடச் சொல்லுங்க. இன்னிக்குத் தேதி இல்லை."

அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். எழுதி முடித்தபோது, பழைய உறையையும் அதோடு சேர்த்து மெட்ராஸுக்கு அனுப்ப எடுத்து வைத்துவிட்டு அவர் கேட்டார்.

"கடைசியா எப்ப உபயோகிச்சீங்க? இன்னும் பில்லுல வராத சீட்டு எதுவும் இருக்கா? சில கடைக்காரங்க ரொம்பத் தாமதமாப் போடுவாங்க. அதனாலதான் மெட்ராஸ்ல மூணு மாசம்வரைக்கும் பார்த்துட்டுச் சான்று கொடுப்பாங்க."

"ஒண்ணும் இல்ல மேடம்" என்றேன்.

அது பொய்.

அட்டையை ஒப்படைப்பதற்கு ஆறு நாள் முன்னால் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் அதைக் கடைசியாக உபயோகித்திருந்தேன். அந்தச் சீட்டு எந்தப் பில்லிலும் வரவில்லை. முதல் மாதம் எதிர்பார்த்தேன். இரண்டாம் மாதம் கொஞ்சம் ஆச்சரியப்பட்டேன். மூன்றாம் மாதம் கடைக்காரர் தொலைத்துவிட்டார்போல என்று நினைத்து நிம்மதியாகிவிட்டேன். முந்நூற்றுச் சொச்சம் ரூபாய். வேலை இல்லாதவனுக்கு அது சும்மா வந்த பணம். எனக்குக் கொடுத்த சீட்டை எப்போதோ கிழித்துப் போட்டிருந்தேன். அதைக் கிழித்ததற்குக் காரணம் பணம் அல்ல. வீட்டில் அப்பா கண்ணில் அது படக்கூடாது.

இரண்டு வாரத்தில் மெட்ராஸிலிருந்து உறை வந்தது. சான்று என்று ஆசையாகப் பிரித்தால் மாதப் பில். அடுத்த ஆண்டுக்கான சந்தா என்று ஒரு தொகை ஏற்றியிருந்தார்கள். அதற்குக் கெடு தேதி வேறு. என் கடிதமும் இந்தப் பில்லும் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்க வேண்டும். அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"இன்னாடா போட்டிருக்கு?"

"இல்லாத கார்டுக்குச் சந்தா கேக்கறாங்கப்பா."

"கொடுத்துட்டேன்னு சொன்னியே?"

"கொடுத்துட்டேன்பா. அவுங்க அனுப்பல."

அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார், "நானும் வர்றேன். எங்காதால கேக்கணும். நெலத்து மேல வர்ற காரியம்."

வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். உரம் வாங்க எப்படியும் வர வேண்டும் என்றார். அவருக்கு ஒன்றைத் தன் கண்ணால் பார்த்தால்தான் சரி. காய்ச்சல் மாத்திரையைக்கூட அட்டையில் இருந்து தானே பிய்த்துப் போட்டுக்கொள்வார். புதன்கிழமை இருவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம்.

பெண் அதிகாரி அப்பாவுக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். பில்லைப் பார்த்தார். உடனே மெட்ராஸுக்கு எஸ்.டி.டி. போட்டார். நான்காவது தடவையில் கிடைத்தது. ஐந்து நிமிஷம் ஆங்கிலத்தில் பேசினார். "ஒப்படைச்ச தேதிக்கு அப்புறம் போட்ட சந்தா. கிளையோட தவறு. வாடிக்கையாளரோடது இல்லை" என்று அதில் ஒரு இடம் எனக்கு நன்றாகப் புரிந்தது. அப்படி ஒரு அதிகாரி தன் கிளைத் தவறைத் தானே சொல்லி நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை.

போனை வைத்துவிட்டுச் சொன்னார்:

"சந்தாவைத் திருப்பி எடுத்துடறாங்க. உங்க அட்டைத் துண்டும் கடிதமும் அவங்க கைக்குப் போயிடுச்சு. ஒப்படைச்ச தேதியிலேயே மூடிடறேன்னுட்டாங்க. நீங்க ஒப்படைச்சு மூணு மாசத்துக்கு மேல ஆனதால காத்திருக்கவும் வேணாம். ஒரே ஒரு உறுதிமொழி மட்டும் நீங்க கொடுக்கணும். நான் அதுல சாட்சிக் கையெழுத்துப் போட்டு அனுப்பினா பத்து நாள்ல சான்று வந்துரும்."

தட்டச்சு செய்த ஒரு தாளை என் பக்கம் தள்ளினார். ஆங்கிலம். நான் பேனாவை எடுத்தேன்.

அப்பா எட்டிப் பார்த்தார். பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் நான்கு வகுப்பு படித்தவர். தமிழ் நன்றாகப் படிப்பார். ஆங்கிலம் தெரியாது.

"அதுல இன்னா எழுதிக்கீது அம்மா?"

பெண் அதிகாரி தாளைத் திருப்பி நிதானமாகத் தமிழில் சொன்னார். "அட்டையை இன்ன தேதியில ஒப்படைச்சேன். அதுக்கு முன்னாடி இந்த அட்டையில நான் வாங்கின எல்லாம் பில்லுல வந்து கட்டியாச்சு. வராம நிக்கிற சீட்டு எதுவும் என் அறிவுக்கு எட்டின வரைக்கும் இல்லை. அப்படி ஏதாவது வந்தா நான் கட்டறேன். இவ்வளவுதான் ஐயா."

அப்பா என்னைப் பார்த்தார்.

"எல்லாத்தையும் சொல்லிட்டியாடா?"

சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. விதைக்கும்போது "வரப்பு ஓரம் போட்டுட்டியா" என்று கேட்பாரே, அந்தக் குரல். முந்தின தடவை வாயால் சொன்ன பொய் காற்றோடு போயிற்று. இப்போது அதையே எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நாளைக்கு அந்தக் கடைக்காரர் சீட்டைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தால் பொய்ச் சான்று வைத்து வாங்கிய கடன் என்று ஆகிவிடும். நிலம் அப்பாவுடையது. உண்மையைச் சொன்னாலோ வேறொன்று வெளியே வரும்.

பேனாவை மூடினேன்.

"மேடம், ஒரு சீட்டு இருக்கு. ஒரு துணிக்கடையில எடுத்தது. பில்லுல இன்னும் வரல. போன தடவை நான் சொல்லாம விட்டுட்டேன்."

அவர் கோபப்படவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இப்பவாவது சொன்னீங்களே. கடைக்காரர் சீட்டை இத்தனை நாளைக்குள்ள வங்கியில போடணும்னு கணக்கு இருக்கு. அது எப்பவோ தாண்டிப் போச்சு. இனிமே அவர் போட்டாலும் மெட்ராஸ்ல திருப்பி அனுப்பலாம். ஆனா பொருளை வாங்கினது நீங்க. நேரா கடைக்குப் போய்ப் பணத்தைக் கொடுத்துட்டு, அந்தச் சீட்டு மேல ரத்துன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. ரொக்கம் கொடுத்ததுக்கு ரசீதும் வாங்குங்க. அப்புறம் இதுல கையெழுத்துப் போட்டா உங்களுக்கும் பயமில்லை, எனக்கும் பயமில்லை. கடை எங்க?"

சொன்னேன். நடக்கிற தூரம்தான்.

வெளியே வந்ததும் அப்பா கேட்டார், "இன்னா துணி?"

"கடையில பாக்கலாம்பா."

வெயில் ஏறிவிட்டது. அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு எனக்கு இரண்டு அடி பின்னால் வந்தார்.

இங்கே என் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எனக்கு ஒன்பது வயது இளையவள். புதுச்சேரியில் தட்டச்சு படிக்கப் போன இடத்தில் பிள்ளைச்சாவடிப் பையன் ஒருவனோடு பழகி, பதிவாளர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டாள். அவன் கடலுக்குப் போகிற வீட்டுப் பிள்ளை. அவர்கள் இந்துக்கள், நாங்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் வீட்டில் எந்தக் கல்யாணமும் கோயிலில் மூன்று வாரம் கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்காமல் நடந்ததில்லை. அப்பா சத்தம் போடவில்லை. அவள் கட்டில், அவள் பெட்டி, எல்லாவற்றையும் மாட்டுக் கொட்டகைப் பக்கத்து அறையில் போட்டுப் பூட்டினார். அவள் பேரை வீட்டில் யாரும் சொல்லக்கூடாது என்றும் சொல்லவில்லை. ஆனால் யாரும் சொல்லவில்லை. இரண்டு வருஷம் அப்படிப் போயிற்று.

நான் விற்பனை வேலையில் ஊர் சுற்றியதால் எனக்கு வசதி. காலாப்பட்டுப் பக்கம் டீலரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிப் பிள்ளைச்சாவடிக்குப் போய்விட்டு வருவேன். அவளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது வேலையை விட்டிருந்தேன். கடைசிச் சம்பளம் கைக்கு வரவில்லை. கையில் இருந்தது அந்த அட்டை ஒன்றுதான். மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்த் துணி எடுத்தேன். அவள்தான் ஒவ்வொன்றாய்ப் பார்த்து எடுத்தாள்.

துணிக்கடையில் கல்லாவுக்குப் பின்னால் ஒரு மரத்தடுப்பு. அங்கே உட்கார்ந்திருந்த கணக்குப்பிள்ளை ஒல்லியான மனிதர். காதில் பென்சில். நான் தேதியும் அட்டை விஷயமும் சொன்னதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார்.

"நீதானாப்பா அது! நாலு மாசமா எனக்குக் கணக்குல இடிச்சிக்கினே இருக்குது. பில்லு இருக்குது, ரொக்கம் இல்ல, கார்டுச் சீட்டும் இல்ல. எங்க மொதலாளி எம்மேலயே பார்வையா இருக்காரு."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு பழைய பில் புத்தகங்களை இறக்கினார். அந்த மாதத்துப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்தார். கடைசியில் புத்தகத்தின் மேலட்டைக்கும் முதல் தாளுக்கும் நடுவே மடிந்துபோய் அந்தச் சீட்டுகள் கிடந்தன. என் பேர் ஊதா நிறத்தில் பதிந்திருந்தது. கீழே என் கையெழுத்து.

"நீயே வந்து சொல்றே பாரு" என்றார். பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, எங்களுக்குக் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தார்.

"நூல் சேலை ஒண்ணு. கொழந்தைச் சட்டை மூணு. பூத் துண்டு ரெண்டு. ஆக முந்நூத்தி நாப்பத்தி ஆறு."

அப்பா என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீட்டில் குழந்தை இல்லை. கல்யாணமாகி மூன்று வருஷம் ஆகியும் எங்களுக்குப் பிறந்திருக்கவில்லை. அந்தச் சட்டைகள் யாருக்கு என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கணக்குப்பிள்ளையின் மேசையில் இருந்த பசை டப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சட்டைப் பையில் தேடினேன். பணம் கட்ட வேண்டியிருக்கும் என்று நினைத்து நான் வரவில்லை. நூற்றுத் தொண்ணூறு ரூபாய்தான் இருந்தது.

"மீதியை நாளைக்கு..." என்று ஆரம்பித்தேன்.

அப்பா வேட்டி மடிப்பை அவிழ்த்தார். உரத்துக்கு வைத்திருந்த பணம் சிறு துணிப்பையில் இருந்தது. எச்சிலைத் தொட்டுத் தொட்டு எண்ணி, நூற்று ஐம்பத்தாறு ரூபாயை மேசைமேல் வைத்தார்.

"எடுத்துக்கப்பா. ரசீது போடு" என்றார் கணக்குப்பிள்ளையிடம்.

கணக்குப்பிள்ளை சீட்டுகள் இரண்டின்மீதும் குறுக்காகக் கோடிழுத்து 'ரத்து, ரொக்கமாகப் பெறப்பட்டது' என்று எழுதி, கடை முத்திரை வைத்தார். ரொக்க ரசீது தனியாகக் கொடுத்தார். "பில்லு நகலும் வேணுமா?" என்று கேட்டார். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் அப்பா கையை நீட்டினார். வாங்கி மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

வங்கிக்குத் திரும்பினோம். பெண் அதிகாரி ரத்தான சீட்டையும் ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்துவரச் சொன்னார். நகல்களை வைத்துக்கொண்டு மூலத்தை என்னிடமே கொடுத்தார். உறுதிமொழியில் கையால் ஒரு வரி சேர்த்தார்: பில்லில் வராத ஒரு சீட்டுக்கு நேரடியாகக் கடையில் ரொக்கம் செலுத்தி ரத்து செய்யப்பட்டது, நகல் இணைப்பு. நான் கையெழுத்துப் போட்டேன். அவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டார். உறையில் போட்டு, என் கண்முன்னாலேயே ஸ்டாம்பு ஒட்டி, பதிவுத் தபால் புத்தகத்தில் எழுதச் சொல்லி ஆள் அனுப்பினார்.

"இந்தத் தடவை அலமாரிக்குப் போகாது சார்" என்றார்.

மத்தியானம் இரண்டு மணி பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. அப்பா ஜன்னல் பக்கம். பஸ் ரெட்டியார்பாளையம் தாண்டியது. நான் திட்டு வாங்கத் தயாராக இருந்தேன். பொய் சொல்லிவிட்டுப் போய் வந்தது, கடனில் துணி எடுத்தது, இவ்வளவு நாள் மறைத்தது, எதற்கு வேண்டுமானாலும் திட்டலாம்.

"ஆணா, பொண்ணா?" என்றார்.

"பொண்ணுப்பா."

கொஞ்ச நேரம் கழித்து, "ஒடம்பு எப்படி இருக்குது?"

யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. தங்கையையா, குழந்தையையா. "ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றேன்.

உரம் வாங்க மறந்துவிட்டோம் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாங்கவும் பணம் இல்லை.

பெண் அதிகாரி பத்து நாள் என்றார், பதினாறு நாள் ஆயிற்று. ஒவ்வொரு நாளும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் அப்பாதான் முதலில் வெளியே போவார். வந்த உறையில் இரண்டு தாள்கள். ஒன்றில் இன்ன எண்ணுள்ள அட்டைக் கணக்கில் வங்கிக்கு வரவேண்டிய பாக்கி எதுவும் இல்லை என்று எழுதியிருந்தது. இன்னொன்றில் அட்டை ஒப்படைக்கப்பட்ட தேதியிலிருந்து கணக்கு மூடப்பட்டது, அந்தத் தேதிக்குப் பின் ஏற்றப்பட்ட ஆண்டுச் சந்தா திருப்பப்பட்டது என்று. இரண்டிலும் மெட்ராஸ் முத்திரை, மேலாளர் கையெழுத்து. நான் அப்பாவுக்குத் தமிழில் வரி வரியாகச் சொன்னேன். பாக்கி எதுவும் இல்லை என்ற வரியை இன்னொரு முறை சொல்லச் சொன்னார்.

வில்லியனூர் மேலாளர் மூலத்தைக் கேட்டார். நான் நகலைத்தான் கொடுப்பேன், மூலத்தைப் பார்த்துச் சரி என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். முதலில் முறைத்தார். பிறகு நகலின் மேல் 'மூலத்துடன் ஒப்பிட்டுச் சரிபார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூன்றாம் பக்கத்தில் அந்தக் கட்டத்துக்கு எதிரே பச்சை மையில் ஒரு குறி போட்டார். அடுத்த மாதம் கடன் வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் குழாய் இறங்கி, நூற்றுப் பத்து அடியில் தண்ணீர் கிடைத்தது. அந்த வருஷக் கரும்பு தப்பிற்று.

அப்பா தங்கையை வீட்டுக்குக் கூப்பிடவில்லை. கல்யாணத்தை ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை. ஆனால் நான் பிள்ளைச்சாவடிக்குப் போவதை மறைக்க வேண்டியிருக்கவில்லை. "போறியா?" என்பார். ஒரு தடவை கத்தரிக்காய், ஒரு தடவை அரை மூட்டை புது அரிசி என்று சைக்கிள் பின்னால் கட்டிவிடுவார். யாருக்கு என்று சொல்ல மாட்டார். தங்கை அரிசியை அளந்து போட்டுக்கொள்ளும்போது ஒவ்வொரு தடவையும் அழுவாள். எனக்கு அது பிடிக்காது. "அழாம வாங்கிக்க, திருப்பி எடுத்துக்கினு போயிடுவேன்" என்பேன்.

குழந்தை நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைப் பூசை முடிந்து வந்தவர் சட்டையைக் கழற்றவில்லை. என் மனைவியிடம், "ஒரு செம்பு மோர் குடும்மா, நான் அவனோட போயிட்டு வர்றேன்" என்றார். எங்கே என்று அவளும் கேட்கவில்லை.

பிள்ளைச்சாவடியில் மாப்பிள்ளை வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். அப்பாவைப் பார்த்ததும் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஓடி வந்தான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் "வாங்க, வாங்க" என்று மட்டும் சொன்னான். தங்கை வாசலில் நின்றாள். உள்ளே போய் நாற்காலி எடுத்து வரவும் தோன்றாமல் நின்றாள். குழந்தை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்து எட்டிப் பார்த்தது.

அப்பா மாப்பிள்ளையைப் பார்த்து, "இன்னிக்குக் கடலுக்குப் போவலயா?" என்று கேட்டார்.

"காத்து சரியில்லைங்க மாமா" என்றான் அவன்.

மாமா என்ற வார்த்தை அவன் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அப்பா படியில் உட்கார்ந்தார். காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, எத்தனை நாள் இப்படி இருக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். அவன் தரையில் குந்தி உட்கார்ந்து, கடல் பக்கம் கையைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னான்.